ஒரு வகுப்பு கீழே போடாதீர்கள்: அமெரிக்காவில் விளையாட்டு உதவித்தொகைக்கு முயலும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

ஊரில் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு பிள்ளையை அழைத்துக்கொண்டு அமெரிக்கா வந்திறங்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். அதிலும் ஓட்டம், தாண்டுதல், நீச்சல், டென்னிஸ் என்று ஏதாவது ஒன்றில் மாவட்டம், மாநிலம் வரை போன பிள்ளை இருந்தால், பள்ளியில் சேர்க்கும் முதல் வாரத்துக்குள் படித்துவிடுங்கள். பிள்ளையை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று அந்த வாரத்தில் எடுக்கும் முடிவு, இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். அப்போது திருத்த வழி இருக்காது. தெரிந்த வீடுகளில் இதே தப்பு திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் எழுத உட்கார்ந்தோம்.

முதலில் ஊர் நினைப்பை ஒதுக்கி வையுங்கள். நமக்குத் தெரிந்தது ஸ்போர்ட்ஸ் கோட்டா. சான்றிதழ்களை அடுக்கிக் கொடுத்தால் மதிப்பெண் போட்டு, வரிசைப்படி சீட் தருவார்கள். இங்கே அப்படி ஒரு வரிசையே கிடையாது. எந்தப் பிள்ளை வேண்டும் என்று சொல்வது கல்லூரி கோச். அந்தப் பிள்ளை போட்டியில் இறங்கலாமா என்று சொல்வது, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தகுதி மையம். கல்லூரியில் சேர இடம் தருவது அட்மிஷன் அலுவலகம். மூன்றும் தனித்தனி வாசல். கோச் விரும்பிவிட்டார் என்பதால் மற்ற இரண்டும் தானாகத் திறந்துவிடாது.

தகுதி மையம் கேட்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கல்லூரி அணிகள் மூன்று டிவிஷன்களாகப் பிரிந்திருக்கின்றன, அதில் மேல்மட்டமான டிவிஷன் ஒன்றுக்குப் பதினாறு கோர் பாடங்கள் வேண்டும்: ஆங்கிலம் நான்கு, கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கூடுதலாக, சமூக அறிவியல் இரண்டு, மீதி நான்கு இவற்றிலிருந்தோ அயல்மொழி போன்றவற்றிலிருந்தோ. ஒரு பாடத்தை ஒரு முழு வருஷம் படித்தால் ஒன்று என்று கணக்கு. இந்தப் பாடங்களின் சராசரி நான்குக்கு 2.3 இருக்க வேண்டும். பதினாறில் பத்து, அந்தப் பத்தில் ஆங்கிலம், கணிதம், அறிவியலில் ஏழு, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். இதெல்லாம் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை என்.சி.ஏ.ஏ. இப்போது கேட்பதில்லை. கல்லூரி கேட்டால் கொடுங்கள்.

பலர் படிக்காமல் தாண்டிப் போவது ஒரு வரியைத்தான். ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து நான்கு வருஷம், அதாவது எட்டு செமஸ்டர். டிவிஷன் ஒன்றுக்கான கோர் பாடங்கள் அதற்குள் முடிய வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு படிப்பதில் ஒரே ஒரு பாடம்தான் கணக்கில் சேரும், அதுவும் அந்தத் தேதிக்குள் பள்ளியை முடித்தவர்களுக்கு மட்டும். பிள்ளை ஒன்பதாம் வகுப்பைத் திருநெல்வேலியில் தொடங்கியிருந்தாலும் கடிகாரம் அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிட்டது. விமானம் ஏறியதால் அது நிற்காது.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மும்முறை தாண்டும் ஒரு மாணவி. 2023 ஜூனில் ஒன்பதாம் வகுப்பு, 2025 ஏப்ரலில் பத்து முடிந்தது, ஜூலையில் இங்கே வந்தாள். அவளுடைய நான்கு வருஷம் 2027 கோடையோடு முடிகிறது. பள்ளியில் கவுன்சிலர் சொல்கிறார்: "ஆங்கிலம் பழகட்டும், பத்தாம் வகுப்பிலேயே சேருங்கள்." வீட்டிலும் சந்தோஷம்தான். ஒரு வருஷம் கூடுதலாகக் கிடைக்கிறது, உடம்பும் தேறும், தூரமும் கூடும் என்று நினைக்கிறார்கள்.

ஊரில் இரண்டு வருஷமும் ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என நான்கு நான்காக எட்டு. (தமிழை ஏற்பதும் ஏற்காததும் மதிப்பீடு செய்பவர் கையில். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.) இங்கே மறுபடியும் பத்தாம் வகுப்பு. ஆங்கிலத்துக்குப் பதில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான ஈ.எஸ்.எல். தொடக்கநிலை வகுப்பில் போடுகிறார்கள், அது கோர் இல்லை. ஜியாமெட்ரி, உயிரியல், உலக வரலாறு மூன்றும் சேரும். மீதி நேரம் உடற்கல்வி, ஹெல்த், ஓவியம் என்று போய்விடுகிறது. ஆகப் பதினொன்று. அடுத்த வருஷம் ஆங்கிலம், அல்ஜீப்ரா இரண்டு, அமெரிக்க வரலாறு. அறிவியலைக் கடைசி வருஷத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். ஆகப் பதினான்கு. 2027 கோடை வந்துவிட்டது. 2027-28இல் அவள் ஐந்து பாடம் படித்து ஐந்திலும் ஏ வாங்கினாலும் எதுவும் சேராது, 2027க்குள் அவள் பள்ளியை முடிக்கவில்லையே. பதினான்கிலேயே நிற்கிறாள். இரண்டு குறைகிறது. பள்ளி டிப்ளமா கையில் இருக்கும், தாண்டும் தூரமும் இருக்கும், டிவிஷன் ஒன்றில் இறங்க முடியாது.

பள்ளிக் கவுன்சிலர் மேல் கோபப்பட்டும் பயனில்லை. அவர் பார்ப்பது மாநிலத்தின் டிப்ளமா விதிகளை. தகுதி மையத்தின் கணக்கு அவர் மேசையில் இல்லை. அதை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டியது நாம்தான். நம் வீடுகளில் வாத்தியார் சொன்னால் மறுபேச்சு பேசுவதில்லை. அந்த மரியாதையை வைத்துக்கொண்டே, பேப்பரில் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

அதே மாணவியைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தால்? ஊரின் எட்டு, பதினொன்றில் ஆங்கிலம், அல்ஜீப்ரா இரண்டு, வேதியியல், அமெரிக்க வரலாறு எனப் பன்னிரண்டு, கடைசி வருஷம் நான்கு, பதினாறு. சரியாக இருக்கிறது, ஆனால் இடைவெளியே இல்லை. ஒன்று ஏற்கப்படாமல் போனால் மாட்டிக்கொள்வோம். அதனால் ஸ்பானிஷோ இன்னொரு அறிவியலோ கூடுதலாக எடுக்கச் சொல்லுங்கள். டிப்ளமாவுக்கு மட்டும் தேவைப்படும் உடற்கல்வி, ஹெல்த் போன்றவற்றைக் கோடை வகுப்பில் முடிக்க முடியுமா என்று கேளுங்கள்.

சேர்க்கைக்குப் போகும்போது ஒன்பது, பத்து இரண்டின் மதிப்பெண் பட்டியலையும் கொண்டுபோங்கள். பத்தாம் வகுப்புப் போர்டு சான்றிதழ் எல்லோரிடமும் இருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பட்டியல்தான் பல வீடுகளில் காணாமல் போயிருக்கும். ஊரை விட்டுக் கிளம்பும் முன் பழைய பள்ளியில் கையொப்பமும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். இங்கிருந்து கேட்டு வாங்குவது பெரும் பாடு. மதிப்பெண்ணை நீங்களே ஜி.பி.ஏ. ஆக மாற்றித் தர வேண்டாம், தகுதி மையத்துக்குத் தனி அளவுகோல் இருக்கிறது. புதிய பள்ளியின் ஒவ்வொரு பாடமும் என்.சி.ஏ.ஏ. ஏற்ற பட்டியலில் இருக்கிறதா என்று, பள்ளியின் குறியீட்டு எண்ணைப் போட்டு அவர்கள் தளத்தில் பாருங்கள். ஆன்லைன் பாடமென்றால் இரண்டு முறை பாருங்கள்.

ஏற்கெனவே ஒரு வகுப்பு கீழே சேர்த்துவிட்டீர்களா? உங்கள் தேதிக்குள் பதினாறும் முடிகிற மாதிரி இந்த வருஷத்துப் பாடங்களை இன்றே மாற்றி அமையுங்கள். முடியாது என்றால் டிவிஷன் இரண்டைப் பாருங்கள். அங்கேயும் பதினாறு பாடம், சராசரி 2.2, ஆனால் கல்லூரியில் முழுநேரமாகச் சேரும் வரை பாடங்களை முடிக்கலாம். விளையாட்டு உதவித்தொகையும் உண்டு. டிவிஷன் மூன்றில் விளையாட்டுக்கென்று பணம் கிடையாது.

அடுத்தது கோச்சுக்கு எழுதுவது. நம் பிள்ளைகள் "ஒழுக்கமாகப் பயிற்சி செய்கிறேன், படிப்பிலும் கவனம்" என்று எழுதுகிறார்கள். அதையேதான் எல்லோரும் எழுதுகிறார்கள். கோச் தேடுவது வேறு. டிவிஷன் ஒன்றில் ஒவ்வோர் அணிக்கும் ஏ.பி.ஆர். என்று ஒரு மதிப்பெண் உண்டு. உதவித்தொகை பெறும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பருவத்திலும் படிப்பில் தகுதியோடு இருந்தால் ஒரு புள்ளி, கல்லூரியை விட்டுப் போகாமல் இருந்தால் ஒரு புள்ளி. அணி 930க்குக் கீழே போனால் சாம்பியன்ஷிப் போட்டிகளுக்கான வாய்ப்பே பறிபோகலாம். ஆகவே படிப்பில் தடுமாறும் பிள்ளை, எவ்வளவு தூரம் தாண்டினாலும், கோச்சுக்கு ஆபத்து. அவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான்: போட்டி நடக்கும் மாதங்களில் இந்தப் பிள்ளையின் மதிப்பெண் இறங்குகிறதா?

அதற்குப் பதிலை எண்ணாகக் கொடுங்கள். ட்ராக் சீசன் இங்கே வசந்தத்தில். செப்டம்பர் முதல் ஜனவரி வரை வேதியியலில் பி பிளஸ், சீசன் ஓடிய பருவத்தில் ஏ மைனஸ் என்றால், அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கீழே ஒரு சாதாரண வாரத்தின் அட்டவணை: திங்கள் முதல் வெள்ளி மாலை மூன்றிலிருந்து ஐந்தேகால் வரை பயிற்சி, ஏழரை முதல் ஒன்பதரை வரை படிப்பு, சனி போட்டி, ஞாயிறு ஓய்வும் லேப் ரிப்போர்ட்டும். கல்லூரியில் சீசனில் வாரத்துக்கு இருபது மணி, நாளுக்கு நான்கு மணி, வாரம் ஒரு நாள் கட்டாய ஓய்வு என்பது விதி. ஒரு போட்டி நாள் முழுவதும் போனாலும் அதை மூன்று மணி என்றுதான் கணக்கில் எழுதுவார்கள். அதனால் நிஜ வாரம் இருபதைத் தாண்டும் என்பது கோச்சுக்குத் தெரியும். பதினாலு மணி பயிற்சியையும் ஏறுகிற மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்தால் அவரே முடிவுக்கு வந்துவிடுவார். அட்டவணையில் பொய் வேண்டாம். காலை நான்கு மணிக்கு எழுந்து படிக்கிறேன் என்று எழுதினால், தூக்கம் எத்தனை மணி என்று திருப்பிக் கேட்பார்கள்.

மின்னஞ்சலின் தலைப்பு இவ்வளவு போதும்:

```
Class of 2027 | Triple Jump 11.82m (+1.1) | Core GPA 3.4
```

அடைப்புக்குள் இருப்பது காற்றின் வேகம். நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் அந்தத் தூரத்தைச் சாதனையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஊர்ப் போட்டியில் காற்றளவு எடுக்கவில்லை என்றால் அதை அப்படியே சொல்லுங்கள், இங்கே ஒரு போட்டியில் தாண்டி athletic.net-இல் பதிவான தூரத்தை முதலில் எழுதுங்கள். அனுப்பும் முன் அந்தக் கல்லூரி அணியின் முடிவுகளை tffrs.org என்று தப்பாக அடிக்காமல் tfrrs.org-இல் பாருங்கள். அவர்கள் பிரிவுப் போட்டியில் எட்டாவது இடம் எத்தனை மீட்டரோ அதற்குப் பக்கத்தில் உங்கள் பிள்ளை இருந்தால்தான் பேச்சே தொடங்கும். லாமினேஷன் போட்ட சான்றிதழ்களை ஸ்கேன் செய்து இருபது இணைப்பாக அனுப்பாதீர்கள், திறக்க மாட்டார்கள்.

பத்தாம் வகுப்பு முடியும் வருஷத்து ஜூன் 15க்கு முன் ட்ராக் உட்படப் பெரும்பாலான விளையாட்டுகளில் டிவிஷன் ஒன்று கோச் பதில் எழுதக் கூடாது. அதுவரை மௌனம் என்றால் மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பரிந்துரைக் கடிதத்தை உடற்கல்வி ஆசிரியரிடம் வாங்காமல் கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள். "நல்ல பிள்ளை" என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட, வெள்ளிக்கிழமை போட்டிக்குக் கிளம்பும் முன் வியாழக்கிழமையே லேப் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள் என்று எழுதும் ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

பணம் பற்றி ஒன்று. ட்ராக்கில் முழுச் செலவையும் ஏற்பது அரிது, கிடைப்பது பெரும்பாலும் பகுதித் தொகை. எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவியும் கிடையாது. ஆகவே மதிப்பெண்ணுக்காகக் கல்லூரி தரும் தொகைதான் மீதிப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். இரண்டையும் ஒன்றாக வாங்க அனுமதி உண்டா, ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கா நான்கு வருஷத்துக்கா, காயம் பட்டால் என்ன ஆகும் என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.