சிக்னலில் நின்றால் ஏசி சூடாகிறதா?

மே மாத மதியம், ஜிஎஸ்டி சாலையில் வண்டி ஊர்ந்து போகும்போது ஏசி காற்றில் குளிர்ச்சி குறையும். பெட்ரோல், டீசல் கார்களில் கம்ப்ரசரை என்ஜின்தான் பெல்ட் மூலம் சுழற்றுகிறது. ஐடிலில் அது மெதுவாகச் சுழலும். ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும், முன்னால் உள்ள கண்டன்சருக்கும் எதிர்க்காற்று கிடைக்காது, ஃபேன் மட்டுமே துணை.

அதனால் முதலில் ரீசர்குலேஷன் பட்டனை அழுத்துங்கள். வெளியே இருக்கும் 40 டிகிரி காற்றை விட்டுவிட்டு, ஏற்கெனவே குளிர்ந்த உள்காற்றையே திரும்பக் குளிர்விப்பதால் கம்ப்ரசரின் சுமை நன்றாகக் குறையும். அரை மணிக்கு ஒருமுறை சிறிது நேரம் வெளிக்காற்றை விடுங்கள். ஈகோ மோட் பல கார்களில் கம்ப்ரசரை அடிக்கடி ஓய்வெடுக்க விடும். வண்டி குளிர்ந்த பிறகு அதைப் போடுவதுதான் சரி. கொதிக்கும் வண்டியில் ஏறியதும் போட்டால் குளிரவே நேரமாகும்.

அப்புறம், பின் கண்ணாடி டீஃபாகர் விளக்கு எரிகிறதா பாருங்கள். பல கார்களில் சைடு மிரர் ஹீட்டரும் அதே பட்டனில்தான் இயங்கும். இரண்டும் மின்சாரத்தை நிறைய இழுப்பதால், ஐடிலில் ஆல்டர்னேட்டர் வழியாக என்ஜினுக்குக் கூடுதல் சுமை. டைமர் இருந்தால் சுமார் 10, 15 நிமிடத்தில் தானாக அணையும். கண்ணாடி தெளிந்ததும் நீங்களே அணைத்துவிடலாம்.

ஓடும்போது சில்லென்றும் நின்றால் வெப்பமாகவும் காற்று வந்தால், ஏசி போட்டபடி பானெட்டைத் திறந்து கண்டன்சர் ஃபேன் சுழல்கிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். சில நிமிடம் பார்த்தும் சுழலவில்லையென்றால், கேஸ் நிரப்பும் முன் ஃபேனைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.