அறிவிப்பு வருமுன்னே பாதியைத் தெரிந்துகொள்ளுங்கள்: எம்ஆர்டி, சாங்கி கேட், நேரம்

சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில்களில் பாதுகாப்பு அறிவிப்புகள் தமிழிலும் ஒலிக்கும். அதனால் புதிதாக வருபவர்களுக்கு எல்லாமே தமிழில் வந்துவிடும் என்றொரு நினைப்பு வரும். ஆனால் அவை என்றும் மாறாத, பதிவு செய்து வைத்த வாசகங்கள். ரயில் தாமதம், விமான நிலையத்தில் கேட் மாற்றம் போல அன்றன்றைக்கு மாறும் செய்திதான் நமக்கு வேண்டியது. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில், வேகமாக, இரைச்சலுக்கு நடுவே வரும்.

அதை முழுக்கப் புரிந்துகொள்ள முயல்வதுதான் பலர் செய்யும் தவறு. முதல் வாக்கியத்தில் ஒரு சொல் புரியாமல் அதையே யோசித்துக்கொண்டிருந்தால், அதற்குள் எண் கடந்து போய்விடும். இந்த அறிவிப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. வாக்கியம் மாறாது, நடுவில் இரண்டு மூன்று இடங்களில் பெயரும் எண்ணும் மட்டும் மாறும். அந்த இடங்களில் என்னென்ன வரக்கூடும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால், அரைகுறையாகக் காதில் விழுந்ததே போதும்.

முதலில் ரயில். தாமதம் என்றால் ஏறக்குறைய இந்த வரிசையில் சொல்வார்கள்: காரணம், எந்தத் தடம், எந்தப் பக்கம் போகும் ரயில், எத்தனை நிமிடம், எங்கிருந்து எங்கு வரை, இலவசப் பேருந்து உண்டா. காரணத்தை விட்டுவிடுங்கள். ட்ரெய்ன் ஃபால்ட் ஆனாலும் சிக்னலிங் ஃபால்ட் ஆனாலும் நீங்கள் செய்யப்போவது ஒன்றுதான். "டுவர்ட்ஸ்" என்ற சொல் வந்ததும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அதன் பின்னால் வருவது அநேகமாகத் தடத்தின் கடைசி நிலையம். கிழக்கு மேற்குத் தடம் என்றால் பாசிர் ரிஸ் அல்லது துவாஸ் லிங்க். வடக்கு தெற்குத் தடம் என்றால் ஜூரோங் ஈஸ்ட் அல்லது மரினா சவுத் பியர். நீங்கள் எந்தத் தடத்தில் நிற்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஆக இரண்டில் ஒன்று என்ற கேள்விதான் மிச்சம்.

அடுத்த சொல் "பிட்வீன்". அதன் பின்னால் இரண்டு நிலையப் பெயர்கள் வரும். உங்கள் பயணம் அந்த இரண்டுக்கும் இடையில் படவில்லை என்றால் பாதிப்பு குறைவு. நிலையப் பெயர்களில் முதல் சொல்லை நம்பாதீர்கள், பெயரின் வாலைக் கேளுங்கள். பூன் லே வேறு, பூன் கெங் வேறு. பாசிர் ரிஸ் ஒரு மூலை, பாசிர் பாஞ்சாங் இன்னொரு மூலை. புக்கிட் பாத்தோக்கும் புக்கிட் கோம்பாக்கும் அடுத்தடுத்த நிலையங்கள். பெடோக், பெடோக் நார்த், பெடோக் ரிசர்வாயர் என்று மூன்று இருக்கின்றன.

நிமிடக் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. "அடிஷனல் டிராவலிங் டைம் ட்வென்டி மினிட்ஸ்" என்றால் அடுத்த ரயில் இருபது நிமிடம் கழித்து வரும் என்று பொருளில்லை. ரயில் வந்துகொண்டுதான் இருக்கும், வழக்கமான பயண நேரத்தோடு இருபது நிமிடம் கூடும், அவ்வளவுதான். "நோ ட்ரெய்ன் சர்வீஸ் பிட்வீன்" என்று வந்தால்தான் அந்தப் பகுதியில் ரயிலே இல்லை. அப்போது ஊழியர் காட்டும் பேருந்து வரிசைக்குப் போக வேண்டியதுதான். இரண்டிலும் "பிட்வீன்" வருகிறது, அதற்கு முன்னால் "நோ" கேட்டதா என்பதைக் கவனியுங்கள்.

பெட்டிக்குள் இருக்கும்போது "டெர்மினேட்ஸ்" என்ற சொல் கேட்டால், ரயில் அதற்கு மேல் போகாது, இறங்க வேண்டும் என்று பொருள். கிழக்கு மேற்குத் தடத்தில் எல்லா ரயிலும் துவாஸ் லிங்க் வரை போவதில்லை, ஜூ கூனோடு நிற்பவையும் உண்டு. துவாஸ் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஏறும்முன் பலகையைப் பார்ப்பது நல்லது. சாங்கி விமான நிலையத்துக்கு இந்தத் தடத்தில் வருபவர்கள் தானா மேராவில் இறங்கி மாற வேண்டும்.

இனி விமான நிலையம். இங்கே தவறவிட்டால் செலவு பெரிது, எண்களும் அதிகம்.

ஆங்கில எண்களில் நம்மை ஏமாற்றுபவை ஒரு கைப்பிடிதான்: தேர்ட்டீன் தேர்ட்டி, ஃபோர்ட்டீன் ஃபார்ட்டி, ஃபிஃப்டீன் ஃபிஃப்டி போன்ற ஜோடிகள். பதின்களில் "டீன்" என்ற கடைசி அசை நீண்டு இழுபடும். பத்துகளில் "டி" சட்டென்று முடிந்துவிடும். ஒலிபெருக்கியில் அந்தக் கடைசி "ன்" தேய்ந்து போவதால்தான் குழப்பம். காதை மட்டும் நம்பாமல் முதலில் கணக்கைப் பயன்படுத்துங்கள்.

நேரத்தை 24 மணி முறையில் இரண்டு துண்டாகச் சொல்வார்கள். "ட்வென்டி ஒன் ஃபிஃப்டி" என்றால் 2150, அதாவது இரவு 9.50. முதல் துண்டு மணி. அது 23ஐத் தாண்டாது. ஆகவே அங்கே ஃபிஃப்டி போலக் கேட்டாலும் அது 15தான், ஃபார்ட்டி போலக் கேட்டாலும் 14தான். இரண்டாவது துண்டு நிமிடம். விமான அட்டவணை நேரங்கள் பெரும்பாலும் 0 அல்லது 5இல் முடியும். ஆகவே அங்கே 13, 14, 16 எல்லாம் வருவது அபூர்வம். தேர்ட்டீன் போலக் கேட்டால் 30 என்றும், ஃபோர்ட்டீன் போலக் கேட்டால் 40 என்றும் எடுத்துக்கொள்ளலாம். உண்மையாகவே சந்தேகத்துக்கு இடம் தருவது ஒரே ஜோடி: 15, 50. அதற்கு மட்டும் ஊழியரிடம் கேளுங்கள். "ஃபிஃப்டீனா?" என்று கேட்டால் அவரும் அதே குழப்பத்தில் தலையாட்டுவார். "ஒன் ஃபைவ், ஆர் ஃபைவ் ஜீரோ?" என்று இலக்கம் இலக்கமாகக் கேளுங்கள்.

கேட்டில் எழுத்தும் சேர்ந்து ஏமாற்றும். B, C, D, E, G எல்லாம் "ஈ" என்றே முடியும். சாங்கியில் முதல் முனையத்தின் கேட்டுகள் C, D. இரண்டாவது E, F. மூன்றாவது A, B. நான்காவது G. அதாவது குழப்பம் தரும் ஐந்து எழுத்துகளும் இங்கே இருக்கின்றன. ஆனால் எண் வரிசை நமக்குத் துணை. D, F கேட்டுகள் 30 முதல்தான் தொடங்கும். C, E இரண்டும் 30ஐத் தொடாது. A, B, G இன்னும் சிறிய எண்களோடு முடிந்துவிடும். முனையத்தில் சீரமைப்பு நடக்கும்போது சில எண்கள் மாறலாம், ஆகவே உள்ளே போனதும் வரைபடப் பலகையை ஒரு முறை படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதிரியைப் பார்ப்போம். திருச்சிக்கு இரவு 2135 விமானம், முதல் முனையம், போர்டிங் பாஸில் கேட் C22, போர்டிங் 2050. உட்கார்ந்ததும் விமான எண், ஊர், கேட், இரண்டு நேரங்கள் ஆகியவற்றைக் கைப்பேசியில் ஒரே வரியாக எழுதி வையுங்கள். இரண்டு நேரத்தையும் எழுதுவதற்குக் காரணம் பின்னால் வரும். மணி 2030. ஒலிபெருக்கியில் ஏதோ பேசுகிறார்கள். நீங்கள் முதலில் எதிர்பார்க்க வேண்டியது ஊர்ப் பெயர், அதுவும் நாம் சொல்கிற மாதிரி இராது. "திருச்சிராப்பள்ளி"யின் நடுப்பகுதி சிதைந்து, "ட்ரு" என்று தொடங்கி "பாலி" என்று முடியலாம். அந்தத் தொடக்கமும் முடிவும் கேட்டால் நிமிர்ந்து உட்காருங்கள். அடுத்து விமான எண், ஒவ்வொரு இலக்கமாக வரும். சென்னை போன்ற ஊர்களுக்கு ஒரே மாலையில் வெவ்வேறு நிறுவனங்களின் விமானங்கள் புறப்படலாம், அங்கே ஊர்ப் பெயரை மட்டும் நம்பிப் போகக்கூடாது.

நம்முடையதுதான் என்று தெரிந்தது. இப்போது "கேட்" என்ற சொல்லுக்குப் பின்னால் "…ஈ ஃபார்ட்டி" என்று காதில் விழுகிறது. எழுத்து தெளிவில்லை, எண்ணும் ஃபார்ட்டியா ஃபோர்ட்டீனா என்று தெரியவில்லை. 40 என்றால், "ஈ" என்று முடியும் எழுத்துகளில் அந்த எண் வரை போவது D மட்டும்தான். 14 என்றால் C அல்லது நான்காவது முனையத்தின் G. நான்காவது முனையம் மற்ற மூன்றோடு ஸ்கைட்ரெய்ன் என்ற முனைய ரயிலில் இணையாத தனிக் கட்டடம், ஆகவே G அநேகமாக இல்லை. ஆக D40 அல்லது C14 என்ற இரண்டுதான் மிச்சம். பெரும்பாலும் அறிவிப்பு இரண்டு முறை வரும். இரண்டாவது முறையில் முழுதையும் கேட்க வேண்டாம், ஒரே ஒரு ஒலியைக் கேளுங்கள்: கடைசி அசை இழுத்ததா, வெட்டியதா? வெட்டியது என்றால் D40. பிறகு பக்கத்துத் திரையில் D40 என்று தெரிகிறதா என்று பார்த்துவிட்டு நடங்கள். திரைதான் கடைசிச் சொல். அறிவிப்பின் பயன் உங்களைத் திரையைப் பார்க்க வைப்பது. எல்லா அறிவிப்பும் கடைத்தெரு, சாப்பாட்டுக் கடை வரை கேட்கும் என்று எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள்.

நேரம் மாறினால் திரையில் `Re-timed` என்று வரும். அந்தப் புதிய நேரம் புறப்பாட்டுக்கானது. "நியூ டிபார்ச்சர் டைம்" என்றால் விமானம் கிளம்பும் நேரம், "போர்டிங் வில் கமென்ஸ் அட்" என்றால் ஏற்றத் தொடங்கும் நேரம். மேலே சொன்ன விமானம் 2215க்குத் தள்ளிப்போனதாகக் கேட்டுவிட்டு, 2215க்குக் கேட்டில் போய் நின்றால் கதவு மூடியிருக்கும். பாஸில் இருக்கும் இரண்டு நேரத்துக்கும் உள்ள இடைவெளி 45 நிமிடம். அதையே புதிய நேரத்திலிருந்து கழித்தால் 2130. மறு அறிவிப்பு வரும்வரை அதைப் போர்டிங் நேரமாக வைத்துக்கொள்வதே பத்திரம். சில வேளை தாமதம் குறைக்கப்படுவதும் உண்டு. முதல் மூன்று முனையங்களில் கைப்பை சோதனை கேட்டின் வாசலிலேயே நடக்கும் என்பதால் அங்கேயும் வரிசை நிற்கும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

கடைசி அழைப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இங்கே தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் இருக்கும். ஆகவே "பாசெஞ்சர் சுப்ரமணியம்" என்று கூப்பிட்டால், அது கார்த்திக் என்ற உங்களைத்தான். பெண்களுக்கு அந்த இடத்தில் கணவர் பெயராகவும் இருக்கலாம். போர்டிங் பாஸில் உங்கள் பெயர் எந்த வரிசையில் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள், சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதையே முதலில் அழைக்க வாய்ப்பு அதிகம். வயதான பெற்றோரைத் தனியாக அனுப்புவதாக இருந்தால், அந்தப் பெயரைக் கேட்டால் எழுந்து கேட்டுக்குப் போக வேண்டும் என்று முதலிலேயே சொல்லி அனுப்புங்கள்.