பரிசோதனைக்கு அனுமதிக் கடிதம்: ‘அவ்வப்போது’ என்று எழுதாதீர்கள்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் டைம் ஆபீசில் வேலை பார்த்தபோது, கர்ப்பிணிகள் கொடுத்த கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரு வரியைப் பார்த்தேன்: “அவ்வப்போது டாக்டரிடம் சென்றுவர அனுமதி வேண்டும்.” அந்த ‘அவ்வப்போது’தான் வம்பு. எந்த நாளில் மாற்று ஆள் போட வேண்டும் என்று சூப்பர்வைசருக்குத் தெரியாது. இரண்டு முறை விடுவார். ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் முகத்தைச் சுளிப்பார்.

தேதி முன்கூட்டியே தெரியாதே என்பார்கள். ஆனால் கணக்கு உண்டு. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் பொதுவாக 28 வாரம் வரை மாதம் ஒரு முறை, 36 வரை இரு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு வாரா வாரம் வரச்சொல்வார்கள். செக்கிங் பிரிவில் ஒரு பெண் 14ஆம் வாரத்தில் கடிதத்தோடு வந்தார். 36 வாரம் முடிந்ததும் மகப்பேறு விடுப்பில் போவதாக இருந்தார். 16, 20, 24, 28, 30, 32, 34, 36 என்று எண்ணிப் பார்த்தோம். மொத்தம் எட்டே முறை. ‘அவ்வப்போது’ என்பதைவிட எட்டு என்ற எண் மேலாளரை எவ்வளவு நிம்மதிப்படுத்தியது என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த தவறு, நேரத்தைக் குறைத்துக் கேட்பது. அந்தப் பெண்ணும் முதலில் ‘ஒரு மணி நேரம்’ என்றுதான் எழுதியிருந்தார். பஸ்ஸில் போய்வரவே ஒன்றரை மணி, டோக்கன் போட்டுக் காத்திருந்து டாக்டரைப் பார்க்க இன்னொரு ஒன்றரை மணி. தாமதமாகத் திரும்பினால், “அம்மிணி, ஒரு மணி நேரம்தானே கேட்டீர்கள்?” என்ற கேள்விக்குத் தலைகுனிய வேண்டும். மூன்று மணி என்று திருத்தினோம். 24 முதல் 28 வாரத்துக்குள் வரும் சர்க்கரைப் பரிசோதனை நாளைத் தனியாகக் குறித்தோம். குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுப்பார்கள் என்பதால் அன்று அரை நாள்.

‘விடுப்பு’ என்ற சொல்லையும் தவிர்த்து ‘அனுமதி’ என்றே எழுதுங்கள். ‘மகப்பேறு விடுப்பு’ என்று தலைப்பிட்ட கடிதத்தை, 26 வார விடுப்பு தொடங்கிவிட்டதாகப் பதிந்த குழப்பத்தை நானே சரிசெய்திருக்கிறேன். பிரசவத்துக்கு முன் அதில் எட்டு வாரம்தான் எடுக்க முடியும். அதைச் சிதறவிடக் கூடாது. ‘சட்டப்படி என் உரிமை’ என்று மிரட்டுவதும் வேண்டாம். மகப்பேறு சட்டத்தில் பரிசோதனைக்கென மணிக்கணக்கு அனுமதி தரும் தனிப் பிரிவு கிடையாது. கம்பெனி விதியும் வழக்கமும்தான் கைகொடுக்கும். சம்பளம் பிடிப்பார்களா என்பதைக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை இணைக்கவே வேண்டாம். அது மேசை மேசையாகப் போகும். டாக்டர் அடுத்த வருகைத் தேதி எழுதிய பக்கத்தின் நகல் போதும். நாங்கள் கடைசியில் எழுதியது இவ்வளவுதான்:

“நான் 14 வாரக் கர்ப்பிணி. 36ஆம் வாரம் வரை எட்டு முறை, காலை 9 முதல் 12 வரை பரிசோதனைக்குச் சென்றுவர அனுமதி கோருகிறேன். அதில் சர்க்கரைப் பரிசோதனை நாளில் மட்டும் அரை நாள் வேண்டும். ஒவ்வொரு தேதியையும் மூன்று நாள் முன்னதாகத் தெரிவிப்பேன். அவசரமாக டாக்டர் அழைத்தால் அன்றே சொல்வேன். இந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற கையெழுத்தும் தேதியும் வாங்கி, அவர் டிபன் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.