செல்லோ பழகத் தொடங்கும் குழந்தைக்கு: இருக்கை, எண்ட்பின், வில் பிடி

என் மகளுக்கு எட்டு வயது. உயரம் 122 செ.மீ. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சனிக்கிழமைதோறும் புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய் செல்லோ கற்றுக்கொள்கிறாள். வகுப்பில் நேராக உட்கார்ந்து அழகாக வாசிப்பவள், வீட்டில் பத்தே நிமிடத்தில் கூனிப்போய் கழுத்து வலிக்கிறது என்று வாத்தியத்தைக் கீழே வைத்துவிடுவாள். இரண்டு மாதம் கவனித்து, அளந்து, மாற்றிப் பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. இதே இடத்தில் சிக்கியிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

செல்லோவின் அளவை ஆசிரியரே சொல்லிவிடுவார். எங்களுக்குச் சொன்னது கால் அளவு, அதாவது 1/4. அந்த முடிவை நீங்கள் கடையில் எடுக்காதீர்கள். “வளர்ந்துவிடுவாள்” என்று ஒரு அளவு பெரிதாக வாங்கினால், கீழே நான் சொல்லும் எந்தத் திருத்தமும் வேலை செய்யாது.

முதலில் இருக்கை

வீட்டிலிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி இதற்கு ஆகாது. அதன் இருக்கை பின்பக்கம் சரிந்து குழிந்திருக்கும். குழந்தையின் இடுப்பு பின்னால் போய்விடும். முதுகு வளைவது அங்கேதான் தொடங்குகிறது. தட்டையான மர ஸ்டூல் ஒன்று போதும்.

குழந்தையை வெறுங்காலில் நிற்க வைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். ஸ்டூலின் உயரம் அதே அளவு, அல்லது ஒன்றிரண்டு செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். என் மகளுக்கு 31 செ.மீ. வந்தது. ஆசாரியிடம் கொடுத்து, பழைய ஸ்டூல் ஒன்றின் கால்களை 32 செ.மீ. உயரத்துக்கு அறுத்து வாங்கினேன். ஸ்டூலின் முன்பாதியில் உட்கார வேண்டும். இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் படிய வேண்டும். தொடை முழங்காலை நோக்கிச் சற்றே இறங்கியிருக்க வேண்டும்.

எண்ட்பின்னின் நீளம்

செல்லோவின் அடியிலிருந்து நீண்டு வந்து தரையில் ஊன்றும் உலோகக் கம்பிதான் எண்ட்பின். இது ஆதியிலிருந்தே செல்லோவோடு வந்ததன்று. பழைய கலைஞர்கள் வாத்தியத்தைக் கெண்டைக்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு வாசித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான், பெல்ஜியத்தின் செர்வே போன்ற கலைஞர்கள் வழியாக, கம்பி பரவலானது. எடையைக் கம்பி ஏற்றுக்கொள்கிறபடியால் கால்கள் வாத்தியத்தை இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. உங்கள் குழந்தை முழங்கால்களால் செல்லோவை நெரித்துக்கொண்டிருந்தால், கம்பி தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள்.

திருகைத் தளர்த்தி, கம்பியைக் கொஞ்சம் இழுத்து, குழந்தையை உட்கார வைத்து செல்லோவை மார்பில் சாயுங்கள். பின்பலகையின் மேல்விளிம்பு நெஞ்செலும்பின் நடுவில் தொட வேண்டும். கீழே, வாத்தியத்தின் அகன்ற பகுதியின் இரு பக்கங்களிலும் முழங்கால்களின் உட்புறம் லேசாகப் படிய வேண்டும். வாத்தியம் குழந்தையைத் தொடுவது இந்த மூன்று இடங்களில்தான். கழுத்துப் பகுதி இடது தோளின் மேல் படுக்கக் கூடாது. இடையில் குழந்தையின் கை நுழையும் அளவு வெளி வேண்டும்.

இப்போது வாத்தியத்தின் தலைப்பகுதியில் தந்திகளை முறுக்கும் பிருடைகளைப் பாருங்கள். மிகத் தடித்த தந்தியான சி தந்தியின் பிருடை இடது காதுக்குப் பின்னால், காது மடலை ஒட்டிய உயரத்தில் வர வேண்டும். அது தோளுக்கு அருகே இறங்கியிருந்தால் கம்பி குட்டை. குழந்தை வாத்தியத்தைத் தேடிக் குனியும். காதுக்கு மேலே ஏறி, விளிம்பு தொண்டைக்குழியை அழுத்தினால் கம்பி நீளம். இடது தோள் உயரும். எங்களுக்குப் பொருந்தியது 21 செ.மீ. அந்த இடத்தில் கம்பியைச் சுற்றி நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு வைத்தேன். மார்க்கர் பேனா மை ஒரு வாரத்தில் அழிந்துவிட்டது.

என்னைத் திணற வைத்த இடம்

கோடு போட்ட பிறகும் மகள் குனிந்தாள். நீளம் ஒவ்வொரு நாளும் அதே 21 செ.மீ. தான். ஆனால் செல்லோ ஒருநாள் செங்குத்தாக நின்றது, இன்னொரு நாள் மடியில் படுத்தது. நீளத்தை மட்டுமே அளந்துகொண்டிருந்த எனக்கு, கம்பியின் முனை தரையில் எங்கே ஊன்றுகிறது என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

சுவரில் ஏணி சாய்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏணியின் நீளம் மாறுவதில்லை. அடியை முன்னே இழுத்தால் தலை இறங்குகிறது. செல்லோவும் அப்படியே. முனை முன்னே நகர நகர வாத்தியம் சாய்ந்து, பிருடைகள் தோளை நோக்கி இறங்கும். குழந்தையின் தலையும் கூடவே இறங்கும். முனை ஸ்டூலுக்கு மிக அருகில் இருந்தால் வாத்தியம் விறைத்து நிற்கும். வில் தந்தியின் மேல் நிற்காமல் தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரையை நோக்கி வழுக்கி, ஒலி கீச்சிடும்.

எங்கள் வீட்டுத் தரை வழுவழுப்பான டைல்ஸ். அதில் கடற்காற்று கொண்டுவரும் மெல்லிய மணல் வேறு. மகள் வில்லை அழுத்தும்போதெல்லாம் முனை அரை செ.மீ., ஒரு செ.மீ. என்று முன்னே நகர்ந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் ஒரு சாண்! வகுப்பறையில் தரைவிரிப்பு இருந்ததால் அங்கே நகரவில்லை. வகுப்புக்கும் வீட்டுக்கும் இருந்த வித்தியாசம் இவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் இதுதானா என்று அறிய, வாசிக்கத் தொடங்கும்போது முனை ஊன்றிய இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள்.

கடையில் விற்கும் கறுப்பு ரப்பர் வட்டை முதலில் வாங்கினேன். தரையை ஈரத்துணியால் துடைத்த அன்று பிடிக்கும். மறுநாள் மணல் ஒட்டியதும் வட்டும் சேர்ந்து வழுக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் பரிந்துரைப்பது பட்டை. பள்ளிப் பைகளுக்குத் தைக்கும் நைலான் பட்டையில் இரண்டு மீட்டர் வாங்கி, அதை ஸ்டூலின் முன்கால்கள் இரண்டையும் சுற்றிக் கட்டி, முன்னால் முக்கோணமாக இழுத்து, முக்கோணத்தின் முனையில் கம்பி நுழையாத சிறு குழிவுள்ள மரத்துண்டு ஒன்றைப் பொருத்தினேன். எண்ட்பின் அந்தக் குழிவில் ஊன்றும். முன்னே தள்ளத் தள்ளப் பட்டை விறைக்குமே தவிர நகராது. ஒரே காலில் கட்டினால் முனை அந்தப் பக்கமாக இழுபடும் என்பதால்தான் இரண்டு கால்களையும் சுற்றினேன். குழந்தையின் எடை ஸ்டூலின் மேல் இருப்பதால் ஸ்டூலும் அசைவதில்லை.

முன்கால்களிலிருந்து முனைவரை எங்களுக்கு 41 செ.மீ. சரியாக வந்தது. உங்கள் குழந்தைக்கு இது வேறாக இருக்கும். முன்பு சொன்ன மூன்று தொடுமிடங்களும் பிருடையும் சரியாக அமையும் வரை முனையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, அந்த இடத்தில் பட்டையைத் தைத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் நீளத்தையும் தூரத்தையும் மாற்றாதீர்கள். எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

வில் பிடி

வில்லை முதலில் செல்லோவிடம் கொண்டுபோகவே வேண்டாம். ஒரு பென்சிலில் தொடங்குங்கள். வலக்கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, விரல்கள் இயல்பாக வளைந்திருக்கும் அந்த வடிவத்தை மாற்றாமலே மேலே தூக்கி, பென்சிலை அதற்குள் வையுங்கள். கட்டைவிரல் வளைந்து, நடுவிரலுக்கு எதிரே பென்சிலைத் தொட வேண்டும். ஒரு வாரம் இது போதும்.

பிறகு வில். கைப்பிடிப் பக்கம் மயிர் கோத்திருக்கும் கறுப்புக் கட்டைக்கு ஃபிராக் என்று பெயர். ஃபிராக்கும் குச்சியும் சேரும் மூலையில் கட்டைவிரலின் நுனி, வளைந்த நிலையில், ஊன்ற வேண்டும். நடுவிரல் குச்சியைத் தாண்டி இறங்கி, மயிர் தொடங்கும் உலோக வளையத்தைத் தொடும். மோதிரவிரலும் சிறுவிரலும் ஃபிராக்கின் பக்கவாட்டில் தொங்கும். ஆள்காட்டி விரல் குச்சியின் மேல் சாய்ந்திருக்கும். வில்லின் எடையை முதலில் குழந்தையின் இடக்கை நடுவில் தாங்கட்டும். வலக்கைக்கு இறுக்கும் அவசியம் வராது.

இங்கே எங்கள் வீட்டில் ஒரு குழப்பம் நேர்ந்தது. என் மகன் கர்நாடக வயலின் படிக்கிறான். தங்கைக்கு உதவுவதாக, சிறுவிரலை வளைத்துக் குச்சியின் மேல் நிற்க வைக்கச் சொல்லிக்கொடுத்தான். வயலினில் அது சரி. அங்கே வில் மேலிருந்து தந்திமேல் இறங்குகிறது. நுனியின் எடையைச் சிறுவிரல் சமன் செய்ய வேண்டும். செல்லோவின் தந்திகள் நிமிர்ந்து நிற்கின்றன. வில் அவற்றின் குறுக்கே பக்கவாட்டில் படிகிறது. சிறுவிரல் குச்சியின் மேல் ஏறினால் கை பின்னால் சாய்ந்து, ஆள்காட்டி விரலின் வழியே தந்திக்குப் போக வேண்டிய கை எடை போய்ச் சேராது. ஒலி மெலிந்து காற்றடித்தாற்போல் வரும். அண்ணனுக்கு இதை விளக்கியதும், “அப்படியானால் இரண்டும் வேறு வில் என்றே நினைத்துக்கொள்” என்று அவனே தங்கைக்குச் சொன்னான்.

பிழையைக் கண்டுபிடிக்க நான் பார்ப்பது கட்டைவிரலை மட்டும்தான். மூட்டு உள்ளே மடிந்து நேராகியிருந்தாலோ, நகம் வெளுத்திருந்தாலோ குழந்தை நெரிக்கிறது. வில்லைக் கீழே வைத்து, கையை உதறி, பென்சிலிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்கிறேன்.

வில்லை முடுக்கும்போது நடுப்பகுதியில் குச்சிக்கும் மயிருக்கும் இடையே ஒரு பென்சில் நுழையும் இடைவெளி போதும். மழைக்காலத்தில் ஈரக்காற்றில் மயிர் தளரும். கூடுதலாக முடுக்க நேரும். வாசித்து முடித்ததும் தளர்த்தி வைக்க மறக்காதீர்கள்.

பின்சேர்க்கை 1: எல்லா அளவும் சரி, ஆனாலும் பிருடை மகனின் தலையில் இடிக்கிறது என்று நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். செல்லோவின் கழுத்து முகத்துக்கு நேரே நின்றது. வாத்தியத்தை நட்டநடுவில் வைக்காமல், கழுத்து தலைக்கு இடப்பக்கமாகப் போகும்படி லேசாகச் சாய்த்தால் இடிக்காது. அவர் மாற்றிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று பதில் எழுதினார்.

பின்சேர்க்கை 2: கம்பி தானாக உள்ளே போய்விடுகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் திருகு பிடிக்காது; உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுக் கையால் இறுக்குங்கள். குறடு போட்டு இறுக்கினால் திருகின் புரி தேய்ந்துவிடும். துடைத்த பிறகும் நழுவினால் திருகை மாற்ற வேண்டியதுதான்.

பின்சேர்க்கை 3: நான்கு மாதத்தில் மகள் 2 செ.மீ. வளர்ந்திருக்கிறாள். பழைய கோட்டில் வைத்தால் இப்போது பிருடை காது மடலுக்குக் கீழே வருகிறது. கம்பியை 22.5 செ.மீ.க்கு நீட்டி, வேறு நிறத்தில் புதுக் கோடு போட்டிருக்கிறேன். பட்டையின் தையலைப் பிரித்து 42 செ.மீ.க்கு மாற்றினேன். ஸ்டூலின் கால்களுக்கு அடியில் ஒட்ட, அரை செ.மீ. தடிமனில் நான்கு ரப்பர் துண்டுகளை வெட்டி வைத்திருக்கிறேன்.