கணக்குத் தலைப்பில் கடையின் பெயர் எதற்கு?

புதிதாகத் தொடங்கிய பேக்கரி ஒன்றுக்குக் கணக்கு எழுதும் இளைஞர், தான் தயாரித்த தலைப்புப் பட்டியலைச் சென்ற மாதம் என்னிடம் காட்டினார். கடைகள் இரண்டுதான். செலவுத் தலைப்புகளோ அறுபதைத் தாண்டியிருந்தன. "மின்கட்டணம் – சந்தைக் கடை", "மின்கட்டணம் – பேருந்து நிலையக் கடை" என்று ஒவ்வொன்றும் இரட்டை. இதே பட்டியலைப் பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு பேக்கரிக்குப் போட்டுக் கொடுத்தேன். அதனால் அந்த உரிமையாளர் இழந்த பணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

சொத்து, பொறுப்பு, மூலதனம், வருமானம், செலவு என்ற ஐந்து பிரிவுகளை யாரும் தவறவிடுவதில்லை, அதை விட்டுவிடுகிறேன். அவற்றுக்குள் தலைப்புகளைப் பிரிக்கும்போது நேரும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கிளையைத் தலைப்புக்குள் திணிப்பது

அந்த பேக்கரிக்கு முதலில் ஒரே கடை, 22 செலவுத் தலைப்புகள். இரண்டாம் கடை வந்ததும் 22-ஐயும் நகலெடுத்துப் பெயரை மாற்றினேன். மூன்றாம் கடைக்கும் அப்படியே. மொத்தம் 66. கணக்கெழுதும் பெண் "சம்பளம்" என்று தட்டினால் முதலில் வருவது முதல் கடையின் சம்பளம். அவசரத்தில் அதையே தேர்ந்தெடுத்துவிடுவார். மென்பொருளும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும்.

மூன்றாம் கடையின் மாதக் கணக்கைப் பாருங்கள். விற்பனை 2,10,000 ரூபாய். சரக்கின் அடக்கம் 1,26,000 போக மீதி 84,000. வாடகை 28,000, மின்கட்டணம் 9,000, வண்டியும் பொட்டலமும் 12,000, இரண்டு பேர் சம்பளம் 46,000. ஆக 95,000 செலவு. மாதம் 11,000 நட்டம். ஆனால் ஒருவரின் 18,000 சம்பளம் முதல் கடையில் பதிவாகிக்கொண்டிருந்ததால், ஏட்டில் இந்தக் கடை 7,000 லாபம் காட்டியது. அதை நம்பி உரிமையாளர் 14 மாதம் நடத்தினார். 1,54,000 ரூபாய் போனது.

சம்பளம் என்பது ஒரே தலைப்பாக இருக்க வேண்டும். எந்தக் கடை என்பது வேறு கேள்வி. அதைச் செலவு மையம் என்ற தனி அடையாளமாகக் கொடுங்கள். டேலி மென்பொருளில் ஒரு தலைப்புக்கு இதை இயக்கிவிட்டால், ஒவ்வொரு பதிவிலும் எந்த மையம் என்று அது கேட்கும். தவறான மையத்தைத் தேர்ந்தெடுக்க அப்போதும் வாய்ப்புண்டு. ஆனால் மாத முடிவில் சம்பளம் என்ற ஒரே தலைப்பின் கீழ் மூன்று கடைகளும் அடுத்தடுத்து நிற்கும்போது, இரண்டு பேர் வேலை செய்யும் கடையில் ஒருவர் சம்பளம் மட்டும் இருப்பது கண்ணில் படாமல் போகாது. நான்காம் கடை வந்தால் ஒரு மையம் சேர்த்தால் போதும். 22 தலைப்புகள் வேண்டாம்.

அப்படியானால் எதற்குத் தனித் தலைப்பு வேண்டும்? நிலுவையை வெளியிலிருந்து ஒருவர் சரிபார்க்கக்கூடிய இடங்களுக்கு. ஒவ்வொரு வங்கிக் கணக்குக்கும் ஒன்று, ஒவ்வொரு கடனுக்கும் ஒன்று. கடனுக்குச் சரக்கு வாங்குபவர், கொடுப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பேரேடு.

அடுப்புச் செலவையும் கடைச் செலவையும் கலப்பது

ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் எண் கொடுங்கள். மைதா, சர்க்கரை, அடுப்புக்கான கேஸ், மாஸ்டரின் கூலி ஆகியவை 5000 வரிசையில் நேரடிச் செலவுகள். கடை வாடகையும் விற்பனையாளர் சம்பளமும் 6000 வரிசையில். இரண்டும் கலந்தால் ஒரு கேக்கின் அடக்க விலையைச் சொல்லவே முடியாது.

இடைவெளி இல்லாத எண்கள்

6101, 6102, 6103 என்று நெருக்கினால், அடுத்த ஆண்டு வரும் ஜெனரேட்டர் டீசல் மின்கட்டணத்துக்குப் பக்கத்தில் இடமில்லாமல் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். வாடகை 6110, மின்கட்டணம் 6120, பராமரிப்பு 6130 என்று பத்துப் பத்தாக விடுங்கள். டீசல் 6125-இல் உட்காரும்.

ஜிஎஸ்டிக்கு ஒரே தலைப்பு

கூடாது. வாங்கும்போது கட்டிய வரி சொத்து. விற்கும்போது வசூலித்த வரி பொறுப்பு. சிஜிஎஸ்டி வரவைக் கொண்டு எஸ்ஜிஎஸ்டியைக் கட்ட முடியாது என்பதால், ஐஜிஎஸ்டியோடு சேர்த்து இரு பக்கமும் மும்மூன்று தலைப்புகள் வேண்டும்.

இதர செலவுகள்

மாதாமாதம் இதற்குள் வரும் எதுவும் இதரம் அல்ல.

ஆண்டு நடுவில் மாற்றுவது

தவறு தெரிந்த அன்றே பட்டியலைக் கலைத்துவிடத் தோன்றும். பொறுத்திருங்கள். ஏப்ரல் 1 அன்று புதிய தலைப்புகளுக்கு மாறுங்கள். பழைய எண் எந்தப் புதிய எண்ணுக்குப் போனது என்று ஒரு பக்க அட்டவணை எழுதி வையுங்கள். சென்ற ஆண்டோடு ஒப்பிட அது ஒன்றுதான் வழி. பழைய தலைப்பின் எண்ணை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள். பெயருக்கு முன் "மூடப்பட்டது" என்று சேர்த்து அப்படியே விட்டுவிடுங்கள்.