வரி தெரிந்தால் ஸ்பைனோடல் ஆகிவிடாது: பிரியும் திண்மக் கரைசலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூர்ப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறை ஒன்றுக்கு மாணவர்கள் சிலரை அழைத்துப் போயிருந்தேன். அப்போதுதான் அறுத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி வைத்திருந்த ஒரு பலகையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார் தெரிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதற்குள் வெளிறிய மெல்லிய வரிகள், ஏறத்தாழ ஒரே திசையில். ஒரு மாணவி பார்த்த உடனே, "சார், இது ஸ்பைனோடல்தானே?" என்றாள்.

பாதி சரி. அந்தப் படிகம் சூடாக இருந்தபோது சோடியமும் பொட்டாசியமும் ஒரே திண்மக் கரைசலாகக் கலந்திருந்தன. ஆறியபோது பொட்டாசியம் மிகுந்த பகுதியும் சோடியம் மிகுந்த பகுதியும் திட நிலையிலேயே தனித்தனியாகப் பிரிந்தன. இதற்குப் பெர்த்தைட் என்று பெயர். பிரிந்திருக்கிறது என்பதை அந்த வரி சொல்கிறது. ஆனால் எந்த வழியில் பிரிந்தது என்பதை அது சொல்லவில்லை. முதலில் ஒரு சிறு துணுக்கு கருவாகி வளர்ந்ததா, இல்லை கலவையில் வரும் சின்ன ஏற்ற இறக்கங்களே தானாகப் பெருகி, அதாவது ஸ்பைனோடல் முறையில் பிரிந்ததா என்ற கேள்வியில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகளை எழுதுகிறேன்.

முதல் தவறு, எந்த வெப்பநிலையில் எந்தக் கலவை பிரியும் என்று காட்டும் கட்டப் படத்தில் குவிமாடம் போல இருக்கும் கோட்டுக்குள் நுழைந்தாலே ஸ்பைனோடல் என்று நினைப்பது. அந்த வெளிக்கோடு பைனோடல். அதற்குள்ளே, உச்சியில் மட்டும் அதைத் தொட்டுக்கொண்டு, இன்னொரு கோடு இருக்கிறது. அதுதான் ஸ்பைனோடல். இரண்டுக்கும் இடையில் உள்ள பகுதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். ஃபெல்ட்ஸ்பாரின் குவிமாடம் ஒருபக்கம் சாய்ந்தது, அதனால் எளிமைக்காகச் சமச்சீரான ஒரு மாதிரிக் கரைசலை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு கூறுகள், அவற்றில் ஒன்றின் பங்கு x, வெப்பநிலை T, வாயு மாறிலி R. கலப்பாற்றல் மாறிலி Ω = 20,000 ஜூல்/மோல். உச்சி வெப்பநிலை Ω/2R, அதாவது சுமார் 1203 கெல்வின். 900 கெல்வினில் பைனோடல் x = 0.11, 0.89 என்ற இடங்களில் வருகிறது. ஸ்பைனோடல் x(1−x) = RT/2Ω என்ற நிபந்தனையிலிருந்து 0.25, 0.75 என்று வருகிறது.

இப்போது x = 0.4 உள்ள கரைசலில் ஒரு சின்ன ஏற்ற இறக்கம் வந்து, பாதி 0.35 ஆகவும் பாதி 0.45 ஆகவும் மாறுகிறது என்று வையுங்கள். ஆற்றல் மோலுக்குச் சுமார் 11 ஜூல் குறைகிறது. குறைவதால் அந்த ஏற்ற இறக்கம் தானாகவே பெருகும். இதே வேலையை x = 0.2 இல் செய்யுங்கள், பாதி 0.15, பாதி 0.25. ஆற்றல் சுமார் 9 ஜூல் கூடுகிறது, ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். ஆனால் அதே 0.2 கரைசல் ஒரேயடியாக 0.11 ஆகவும் 0.89 ஆகவும் பிரிந்தால் ஆற்றல் சுமார் 90 ஜூல் குறைகிறது! சிறு அடி வைத்தால் மேடு, பெரிய தாவலாகத் தாவினால் பள்ளம். அந்தத் தாவல்தான் கருவாக்கம். இறுதிக் கலவைக்கு நெருக்கமான ஒரு சிறு துணுக்கு, அதன் மேற்பரப்பு கேட்கும் ஆற்றலையும் தாங்கிக்கொண்டு, முதலில் உருவாக வேண்டும்.

x = 0.4 இல் அணுக்கள் செறிவு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு நகர்கின்றன. விரவல் விதிக்கே இது எதிரானது என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. அணுக்கள் எப்போதும் வேதி நிலையாற்றல் குறையும் திசையில்தான் போகின்றன. ஸ்பைனோடலுக்குள் அந்தத் திசை செறிவு கூடும் திசையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது தவறுதான் பாறை விஷயத்தில் பெரியது. இறுதி வெப்பநிலை எந்தப் பகுதியில் விழுகிறது என்று மட்டும் பார்ப்பார்கள், ஆறி வந்த பாதையைப் பார்ப்பதில்லை. அதே மாதிரிக் கரைசலில் x = 0.2 ஐ மெல்ல ஆற்றுங்கள். 1041 கெல்வினில் பைனோடலைத் தாண்டும். ஸ்பைனோடலை எட்ட 770 கெல்வின் வரை இறங்க வேண்டும். நடுவில் 270 டிகிரி தூரம் கருவாக்கத்துக்கு மட்டுமே உரிய பகுதி, அதுவும் அணுக்கள் நன்றாக நகரக்கூடிய சூட்டில். படிக எல்லையும் பிளவுகளும் கருவுக்கு இடம் கொடுக்கும். மெல்ல ஆறினால் 770 ஐத் தொடும் முன்பே பிரிதல் பெரும்பாலும் முடிந்திருக்கும். x = 0.4 கதை வேறு. அங்கே 1187 இல் நுழைந்து 1155 இல் ஸ்பைனோடல் வந்துவிடுகிறது, இடைவெளி 32 டிகிரிதான்.

இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். பிரிந்த இரண்டு பகுதிகளும் படிக வரிசை அறுபடாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால், அளவு பொருந்தாததால் திரிபு ஆற்றல் சேர்கிறது. அது ஸ்பைனோடலை இன்னும் கீழே தள்ளிவிடும். ஃபெல்ட்ஸ்பாரில் இந்த இறக்கம் பல பத்து டிகிரி. தங்கம்–நிக்கல் கலவையில் சில நூறு டிகிரி. பாடநூலில் உள்ள கோட்டை அப்படியே எடுத்து 'உள்ளே இருக்கிறது' என்று முடிவு கட்டினால் தப்பாகிவிடும்.

மதுரை வட்டாரப் பாறைகள் பல, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் கடும் சூட்டில் வெந்து, மிக மெதுவாக ஆறியவை. மேலூர்ப் பலகையில் கண்ணுக்குத் தெரிந்த வரியைப் பார்த்து நான் தயங்கியது இதனால்தான். ஸ்பைனோடல் பிரிதல் தொடங்கும்போது வரிகளின் இடைவெளி நானோமீட்டர் கணக்கில் இருக்கும், சாதாரண நுண்ணோக்கிக்கே எட்டாது. லென்ஸில் தெரியும் பெர்த்தைட் பிறகு பருத்து வளர்ந்தது. பல நேரங்களில் பாறைக்குள் ஊடுருவிய நீர்மம் அதைக் கரைத்து மறுபடிகமாக்கியும் இருக்கும். தொடக்கத்தின் தடயம் அதில் மிஞ்சியிருப்பது அபூர்வம்.

மூன்றாவது தவறு படத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது. பின்னிப் பிணைந்திருந்தால் ஸ்பைனோடல், தனித்தனித் துளியாக இருந்தால் கருவாக்கம் என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். x = 0.2 ஐ 700 கெல்வினுக்குத் திடீரெனக் குளிர்வித்தால் அது ஸ்பைனோடலுக்குள்தான் விழுகிறது. ஆனாலும் இறுதியில் சிறுபான்மைப் பகுதி மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குதான். அவ்வளவு குறைவாக இருக்கும்போது அது தனித்தனித் துண்டாகவே நிற்கும். மறுபக்கம், அடர்த்தியாக விழுந்த கருக்கள் வளர்ந்து ஒன்றோடொன்று முட்டினால் பின்னல் போலத் தோன்றும். வரிகள் ஒரே திசையில் ஓடுவதும் சான்று ஆகாது. திரிபு ஆற்றல் எந்தத் தளத்தில் குறைவோ அந்தத் தளத்தில் வரி படியும், இரண்டு முறையிலும்.

அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? மாதிரியைத் திடீரெனக் குளிர்வித்து, ஒரே வெப்பநிலையில் வெவ்வேறு நேரம் வைத்து, ஒவ்வொன்றிலும் கலவையை அளக்க வேண்டும். கருவாக்கத்தில், முதலில் தென்படும் துணுக்கே இறுதிக் கலவைக்குப் பக்கத்தில் இருக்கும். நேரம் போகப்போக எண்ணிக்கையும் அளவும் கூடும். ஸ்பைனோடலில் ஆரம்பத்தில் இடைவெளி ஏறக்குறைய மாறாமல் நிற்கும், செறிவு வேறுபாடு மட்டும் 0.39–0.41, 0.35–0.45 என்று படிப்படியாக ஆழமாகும். சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறலில் இது, உச்சம் இடம் மாறாமல் உயரம் மட்டும் கூடுவதாகத் தெரியும். இந்த ஆரம்ப நிலை சீக்கிரம் முடிந்துவிடும். பருத்தல் தொடங்கியதும் உச்சம் நகர ஆரம்பிக்கும், அதற்குப் பிறகு எடுத்த அளவை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

"அப்ப இந்தக் கல்லுக்கு என்ன எழுதுறது சார்?" என்று அந்த மாணவி கேட்டாள். "பருத்த பெர்த்தைட், பிரிந்த முறை இதிலிருந்து தெரியவில்லை" என்று எழுதச் சொன்னேன். நோட்டில் முதலில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டாள்.