ஆய்வில் ‘குறிப்பிடத்தக்க’ என்று வந்தால் ‘பெரிய’ என்று படிக்காதீர்கள்

சர்க்கரை இல்லாத எனர்ஜி டிரிங்க் ஒன்றை எடுத்து, பின்பக்கம் இருக்கும் சத்து அட்டவணையைப் பாருங்கள். ‘எனர்ஜி’ என்ற வரியில் மிகச் சில கலோரிகள்தான் இருக்கும். அறிவியலில் எனர்ஜி என்பது கலோரியிலோ ஜூலிலோ அளக்கிற ஒன்று. குடித்தவருக்கு வரும் விறுவிறுப்பு கஃபீனின் வேலை. ‘தியரி’யும் இப்படித்தான். பேச்சில் அது வெறும் ஊகம். ஆனால் பல நோய்கள் கிருமிகளால் வருகின்றன என்பதும் அறிவியலில் ஒரு தியரிதான். அதை ஊகம் என்று எந்த மருத்துவரும் ஒதுக்குவதில்லை.

இந்த இரண்டையும் தவறாகப் புரிந்துகொண்டால் பெரும்பாலும் வாக்குவாதத்தோடு போய்விடும். மூன்றாவது ஒரு சொல் இருக்கிறது, அது மாத்திரை சாப்பிடலாமா வேண்டாமா என்பது வரைக்கும் வந்துவிடும். ‘சிக்னிஃபிகன்ட்’. நம் செய்திகளில் ‘குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது’ என்று வருவது பல நேரம் இதுதான்.

அமெரிக்காவில் 1980களில் 22,071 ஆண் மருத்துவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் பாதிப்பேருக்கு 325 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப்பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. சராசரியாக 5 ஆண்டுகள் கவனித்தார்கள். 1989இல் வெளியான இறுதிக் கணக்கின்படி, ஆஸ்பிரின் எடுத்த 11,037 பேரில் 139 பேருக்கு மாரடைப்பு வந்தது. போலி மாத்திரை எடுத்த 11,034 பேரில் 239 பேருக்கு வந்தது. இந்த வித்தியாசத்தின் பி மதிப்பு 0.00001க்கும் கீழே. புள்ளியியல் மொழியில் மிகமிக ‘சிக்னிஃபிகன்ட்’.

பி மதிப்பு எதைச் சொல்கிறது? மருந்து எதுவுமே செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டு குழுக்களின் எண்ணிக்கையும் அச்சாக ஒன்றாக இருக்காது. தற்செயலாகவே ஒரு பக்கம் கொஞ்சம் கூடும், ஒரு பக்கம் குறையும். ஆய்வில் கண்ட அளவுக்கோ அதற்கு மேலோ வித்தியாசம் வெறும் தற்செயலால் வர எவ்வளவு வாய்ப்பு? அந்த எண்தான் பி மதிப்பு. அது 0.05க்குக் கீழே இருந்தால், அதாவது இருபதில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தால், ‘சிக்னிஃபிகன்ட்’ என்று எழுதுவது வழக்கம். ரொனால்ட் ஃபிஷர் 1925இல் எழுதிய புள்ளியியல் நூலிலிருந்து பரவிய வழக்கம் இது. 0.05 என்பது வசதிக்காக வைத்துக்கொண்ட ஒரு கோடு, இயற்கை போட்ட எல்லை இல்லை.

ஆக, ‘சிக்னிஃபிகன்ட்’ என்ற சொல் பலனின் அளவைப் பற்றி வாயே திறப்பதில்லை. முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. ஒரு நாணயத்தில் தலை விழும் வாய்ப்பு 51 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 முறை சுண்டி 51 தலை வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 10,000 முறை சுண்டி 5,100 தலை வந்தால் பி மதிப்பு 0.05க்குக் கீழே போய்விடும். கோணல் அதே ஒரு சதவீதம்தான், எண்ணிக்கை மட்டும்தான் கூடியது. போதுமான ஆட்களைச் சேர்த்தால் மிகச் சிறிய பலன்கூட ‘சிக்னிஃபிகன்ட்’ ஆகிவிடும்.

ஆஸ்பிரின் கணக்கை இப்போது திரும்பப் பாருங்கள். வயதையும் கணக்கில் எடுத்து, மாரடைப்பு 44 சதவீதம் குறைந்தது என்றார்கள். கேட்கும்போது நூற்றில் 44 பேர் தப்பித்த மாதிரி இருக்கிறது. உண்மையில் 11,000 பேர் 5 ஆண்டுகள் மாத்திரை எடுத்ததில் 100 பேருக்கு மாரடைப்பு குறைந்திருக்கிறது. ஏறத்தாழ 110 பேர் எடுத்தால் ஒருவருக்குப் பலன். மாரடைப்பைத் தள்ளிப்போடும் மருந்துக்கு இதுவும் மதிப்புள்ள பலன்தான், நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது மதிப்புள்ளதா என்பதை 110 என்ற எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். 0.00001 அதற்கு உதவாது. இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறந்தவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஆஸ்பிரின் குழுவில் 81, மற்றதில் 83. அங்கே வித்தியாசமே தெரியவில்லை.

அடுத்த தவறு இதற்கு நேர் எதிரானது, என் கணிப்பில் இதைவிட ஆபத்தானது. ‘சிக்னிஃபிகன்ட் இல்லை’ என்றால் ‘பாதிப்பு இல்லை’ என்று எடுத்துக்கொள்வது. அதே ஆய்வில் மூளைக்குள் ரத்தம் கசியும் வகைப் பக்கவாதம் ஆஸ்பிரின் குழுவில் 23 பேருக்கும், மற்ற குழுவில் 12 பேருக்கும் வந்தது. பி மதிப்பு 0.06. 0.05 என்ற கோட்டுக்குக் கீழே வரவில்லை, அதனால் ‘குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை’ என்று எழுதிவிடலாம். ஆனால் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கு! நிகழ்வுகள் குறைவாக இருந்ததால் ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நல்ல ஆய்வறிக்கைகள் பி மதிப்போடு, உண்மையான அளவு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று காட்டும் ஒரு நம்பக இடைவெளியையும் தருகின்றன. இந்தப் பக்கவாதக் கணக்கில் அது 0.96 முதல் 4.77 மடங்கு வரை. அதாவது, ஆபத்து கூடவே இல்லை என்பதும், ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது என்பதும் இந்தத் தரவோடு ஒத்துப்போகும். இடைவெளி இவ்வளவு அகலமாக இருந்தால் ‘இன்னும் தெரியவில்லை’ என்று படிக்க வேண்டும். மாற்றமே இல்லை என்பதைக் குறிக்கும் ஒன்றைச் சுற்றி, 0.97 முதல் 1.03 வரை என்பது போல, ஒடுக்கமாக இருந்தால்தான் ‘பாதிப்பு இருந்தாலும் மிகச் சிறியது’ என்று சொல்லலாம்.

இன்னொரு தவறு படித்தவர்களிடமே அதிகம். பி மதிப்பு 0.05 என்றால் முடிவு சரியாக இருக்க 95 சதவீத வாய்ப்பு என்பார்கள். அப்படி இல்லை. கணக்குக்காக 1,000 புதிய மருந்துகளைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் 100 மட்டுமே உண்மையில் வேலை செய்பவை. நல்ல ஆய்வு அவற்றில் 80ஐப் பிடித்துவிடும். வேலை செய்யாத 900இல் இருபதில் ஒன்று, அதாவது 45, தற்செயலாகவே அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடும். ஆக 125 மருந்துகள் ‘சிக்னிஃபிகன்ட்’, அதில் 45 வெறும் தற்செயல். நூற்றுக்கு 36! அதனால்தான் எதிர்பாராத ஒரு முடிவு வந்தால், இன்னொரு குழு திரும்பச் செய்து பார்க்கும்வரை ஆய்வாளர்கள் காத்திருக்கிறார்கள். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கையும், 0.05 என்ற கோட்டை மட்டும் வைத்து அறிவியல் முடிவுகளை எடுக்கக் கூடாது என்று சொன்னது.

ஆஸ்பிரின் விஷயத்தில் அப்படித் திரும்பப் பார்த்ததில் படம் மாறியது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களிடம், பெரும்பாலும் 70 வயதைத் தாண்டியவர்களிடம், தினமும் 100 மில்லிகிராம் கொடுத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. இதய, ரத்தக்குழாய் நோய்கள் குறைந்ததாகத் தெளிவான தடயம் கிடைக்கவில்லை. ஆனால் பெரிய ரத்தக்கசிவு, போலி மாத்திரைக் குழுவில் 2.8 சதவீதமாக இருந்தது, ஆஸ்பிரின் குழுவில் 3.8 சதவீதமாகக் கூடியது, இது ‘சிக்னிஃபிகன்ட்’. இதய நோய் இல்லாத, 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் தடுப்புக்காகப் புதிதாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழு 2022இல் சொன்னது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு ஆஸ்பிரினின் பலன் கூடுதல், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.